கச்சான் மூட்டையும் பன்னிரண்டு படிகளும்: அன்றாட வாழ்வில் ஒரு சிறுகதையைத் திட்டமிடல்

விசுவமடுப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு சிறுகதை எழுதித் தரச் சொன்னால், பத்தில் ஏழு கதைகள் ஷெல் சத்தத்தோடு தொடங்கும். பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் சனம் மூட்டை முடிச்சோடு நடக்கும், யாரோ ஒருவர் தவறிப்போவார், கதை முகாமில் முடியும். எழுதுகிற பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்ததாக இருக்கும். தாயும் தகப்பனும் சொல்லக் கேட்டதை எழுதுகிறது. அதில் பிழை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம், "நீ நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை சேர், அம்மம்மாவோட கச்சான் ஆய்ஞ்சனான்" என்று சொல்லும். கச்சான் ஆய்ந்ததில் ஒரு கதை கிடக்கும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. பெரிய பயணம் இருந்தால்தான் கதை என்று அது நம்புகிறது.

அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே ஒரு வேலை செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பயணம் வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தப் பயணம் வீட்டுப் படலையில் தொடங்கிப் பக்கத்து ஊர்ச் சந்தைவரை போய்த் திரும்பினாலும் போதும். அதை எப்படித் திட்டமிடுவது என்பதை, உலகம் முழுக்கக் கதை எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு வாய்பாட்டை எடுத்து, நமது மண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

வாய்பாடு எங்கிருந்து வந்தது

அமெரிக்கரான ஜோசப் கேம்பல் 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். 'ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பல நாட்டுப் புராணங்களையும் நாடோடிக் கதைகளையும் ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பாதை கிடக்கிறது என்றார். நாயகன் தன் இடத்தை விட்டுப் பிரிகிறான், வேறொரு உலகத்தில் சோதிக்கப்படுகிறான், எதையோ பெற்றுக்கொண்டு திரும்புகிறான். பிரிவு, சோதனை, மீட்சி என்ற இந்த மூன்று பகுதிகளுக்குள் 17 படிகளை அவர் வைத்தார்.

பிறகு ஹொலிவூட்டில் திரைக்கதைகளை வாசித்து மதிப்பிடும் வேலையில் இருந்த கிறிஸ்தோபர் வோக்லர் என்பவர், 1980களில் அந்தப் பெரிய நூலைச் சில பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். 1992இல் அதை விரித்து ஒரு நூலாக்கினார். அதில் படிகள் பன்னிரண்டு: அன்றாட உலகம், அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, முதல் வாசலைத் தாண்டல், சோதனையும் துணையும் பகையும், குகையை நெருங்கல், பெருஞ்சோதனை, பரிசு, திரும்பும் வழி, மறுபிறப்பு, அமுதத்தோடு மீளல். இன்று கதைப் பட்டறைகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது இந்தப் பன்னிரண்டுதான்.

மூன்று கட்டமாகக் கதை நகர்வது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களும் மூன்று ஊர்களின் பெயரால் நிற்கின்றன: புகார், மதுரை, வஞ்சி. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்றாகவே பிரிகிறது. கேம்பல் எல்லாச் சமயங்களின் வரலாறுகளையும் தன் ஒரே பாதையில் நிறுத்திப் பார்த்தவர். அந்த இடத்தில் நான் அவரோடு போகமாட்டேன். நபிகளாரின் வாழ்வு நமக்கு ஒரு கதை வாய்பாட்டின் உதாரணம் அல்ல. அவரிடமிருந்து கதை கட்டும் முறையை மட்டும் கடனாக வாங்குவோம்.

வாங்கும்போது ஒரு சிக்கல் தெரியும். கேம்பலின் பாதை காவியத்துக்கு உரியது. வோக்லரின் படிகள் இரண்டு மணிநேரப் படத்துக்கு உரியவை. நாமோ 1,200 சொல்லில் ஒரு சிறுகதை எழுதப்போகிறோம். பன்னிரண்டு படிக்கும் சமமாகப் பங்கு பிரித்தால் ஒன்றுக்கு 100 சொல்தான் வரும். நூறு சொல்லில் ஒரு சோதனையும் நடக்காது. நடந்ததாக ஒரு அறிவித்தல்தான் வரும். ஆகவே சில படிகள் ஒரு வசனமாகச் சுருங்க வேண்டும், இரண்டு மூன்று படிகள் மட்டும் விரிய வேண்டும். எது சுருங்கும், எது விரியும் என்று முடிவு செய்வதே திட்டமிடல்.

நன்றாகச் செய்யப்பட்ட ஒரு கதை

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' என்ற சிறுகதையை எடுத்துப் பார்ப்போம். அவர் இந்த வாய்பாட்டை வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு அன்றாட இடத்துக்குள் பெரும் பயணம் எப்படி அடங்குகிறது என்பதற்கு அது தெளிவான சான்று.

ஒரு சினிமா ஸ்டூடியோவின் அலுவலகம். வேலை அதிகமில்லாத ஒரு நாள். காதர் என்ற மெலிந்த மனிதர் வாய்ப்புக் கேட்டு வருகிறார். அங்கே இருப்பவர்கள் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்கள். தனக்குப் புலிவேஷம் கட்டி ஆட வரும் என்கிறார் காதர். பையிலிருந்து புலித்தலையை எடுத்து மாட்டிக்கொண்டவுடன் அந்த அறையில் மனிதர் இல்லை, புலி இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உறைந்துபோகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் மறுபடியும் பழைய ஏழை மனிதர். பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பு ஏற்படுகிறது, கடிதம் போடுகிறார்கள். விலாசத்தில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வருகிறது.

இதில் வாசல் என்பது ஒரு அலுவலகக் கதவு. குகை என்பது மேசைகள் கிடக்கும் ஒரு அறை. மறுப்பு நாயகனிடமிருந்து வரவில்லை, அவரைப் பார்க்கிறவர்களிடமிருந்து வருகிறது. பெருஞ்சோதனைக்கு மட்டும் ஆசிரியர் தாராளமாக இடம் கொடுக்கிறார். மீளல் என்ற படியோ மிகச் சிறியது: மனிதர் மீளவில்லை, கடிதம்தான் மீள்கிறது. ஆனாலும் அந்தப் படி இல்லாமல் கதை இல்லை. ஆட்டத்தோடு கதை நின்றிருந்தால் அது ஒரு வித்தையைப் பார்த்த செய்தியாக மட்டும் இருந்திருக்கும்.

இங்கே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது, பெருஞ்சோதனை விரிய வேண்டும், மீளல் எவ்வளவு சிறிதானாலும் இருந்தே தீர வேண்டும் என்பதை. மற்றப் படிகள் வேறு ஆளிடம் போகலாம், ஒரு வரியாகலாம், மறையலாம்.

விசுவமடுவில் ஒரு கதையைக் கட்டுவோம்

கதையின் ஆள் ஐம்பத்தைந்து வயதுப் பெண். அவரை அக்கா என்றே சொல்வோம். பேரன் ஆறாம் வகுப்பு. காலபோகத்தில் கச்சான் போட்டு, மாசியில் பிடுங்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு வியாபாரி சின்ன லொறியோடு படலைக்கு வந்து, தன் தராசில் நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். மீள்குடியேறி வந்த முதல் வருசம், கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது கடனுக்கு விதைக் கச்சான் தந்தவர் அவர்தான். இது அன்றாட உலகம். இந்தக் கடைசி விபரத்தை மறக்கக்கூடாது. கதையின் பாரம் முழுக்க அதில்தான் தொங்கப்போகிறது.

அழைப்பு. அன்றாடக் கதையில் அழைப்பு தூதுவனாக வராது. ஒரு சின்னக் கேள்வியாக வரும். பேரன் கொப்பியில் ஒவ்வொரு முறையும் நிறையைக் குறித்து வருகிறான். "அம்மம்மா, போன வருசம் சாக்குத் தளரக் கட்டினது, அதுவும் முப்பது கிலோ. இந்தமுறை வாய் கட்டேலாமல் நிரம்பிக் கிடக்கு, இதுவும் முப்பதோ?" இவ்வளவுதான். தராசு பிழை என்று பையன் சொல்லவில்லை. சொன்னால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மறுப்பு. பட்டறைகளில் இந்தப் படியை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள், நாயகன் பயந்தான் என்று. அன்றாடக் கதையில் இதற்கு அதை விடக் கூடுதல் இடம் வேண்டும். காவிய நாயகனைப் போகச் சொல்லி உலகமே தள்ளுகிறது. நம்முடைய ஆட்களைப் போகவிடாமல்தான் எல்லாம் தடுக்கிறது: நன்றி, வெட்கம், "சனம் என்ன சொல்லும்" என்ற எண்ணம். அக்கா சொல்கிறார்: "அந்தத் தம்பி விதை தராட்டி நாங்கள் அண்டைக்கு என்னத்தைப் போட்டிருப்பம்? வாயை மூடிக்கொண்டு படி." இந்த மறுப்புக்கு நியாயம் இருக்கிறது. நியாயமான மறுப்பு இருந்தால்தான் பிறகு அவர் எழுந்து போவதற்கு ஒரு விலை இருக்கும்.

வழிகாட்டி. மாணவர் கதைகளில் அதிகம் பழுதாகும் படி இதுதான். ஒரு தாத்தாவோ ஆசிரியரோ வந்து, நேர்மை பற்றி அரைப்பக்கம் பேசிவிட்டுப் போவார். கதை அங்கே வகுப்பறையாகிவிடும். வழிகாட்டியிடம் அறிவுரை கேட்க வேண்டாம், ஒரு தகவல் கேளுங்கள். பக்கத்து வளவுப் பெண் முன்பு ஒருமுறை புதுக்குடியிருப்புச் சந்தைக்குச் சாமான் கொண்டுபோனவர். அவர் சொல்வது இதுதான்: "கண்டக்டர் மூட்டைக்கும் காசு கேப்பான் அக்கா, சில்லறையா எடுத்து வைச்சிருங்கோ." போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அக்கா போகக்கூடும் என்று வாசகருக்குத் தெரிய அந்தச் சில்லறை போதும்.

முதல் வாசல். திட்டத்தை எழுதும் பிள்ளைகள் இந்த இடத்தில் "பஸ் ஏறுகிறார்" என்று போடுவார்கள். ஏன் பஸ்? பஸ்ஸில் ஏறியவர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி வரலாம். வாசல் என்பது தாண்டினால் பழைய ஆளாகத் திரும்ப முடியாத ஒரு செயல். அதைத் தேடுங்கள். வியாபாரி படலைக்கு வருகிறார். மூன்று மூட்டை கிடக்கிறது. அக்கா இரண்டைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மூட்டையை நிறுத்த பிறகு சொல்கிறார்: "இது கிடக்கட்டும் தம்பி, வித்துக்கு வைக்கப்போறன்." அது பொய். தனக்கு உதவி செய்தவரிடம் அவர் சொல்லும் முதல் பொய். வாசல் அதுதான். தன் சொந்தப் படலையில் நின்றபடியே அவர் வேறொரு உலகத்துக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு வரும் பஸ் பயணத்தை ஐந்தாறு வரியில் சொல்லலாம்.

சோதனையும் குகையும். வோக்லரின் பட்டியலில் இங்கே பல சோதனைகள் வரும். சிறுகதைக்கு ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று கதைக்கு ஒரு வேலையும் செய்து தர வேண்டும். நமது திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: சந்தைக் கடைத் தராசு சரி என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? பிழையான தராசு அதுவாகவும் இருக்கலாமே. வாசகர் இதைக் கேட்பார். அதனால் கடைக்காரர் முதலில் அவரைக் காத்து நிற்க வைக்கட்டும். அந்த நேரத்தில், வந்திறங்கிய சீனி மூட்டை ஒன்றைத் தராசில் வைக்கட்டும். பையில் 50 கிலோ என்று அச்சடித்திருக்கிறது, முள் ஐம்பதில் நிற்கிறது. காத்து நிற்பது அக்காவுக்குச் சோதனை, சீனி மூட்டை வாசகருக்குச் சாட்சி.

பெருஞ்சோதனை. கச்சான் மூட்டை தராசில் ஏறுகிறது. 33 கிலோ. வீட்டில் வியாபாரி இதே மூட்டையை நிறுத்துச் சொன்னது 30.

பலர் இதையே பெருஞ்சோதனை என்று எழுதி முடித்துவிடுவார்கள். உண்மை தெரிந்தது, அக்கா அதிர்ந்தார் என்று. அது வெறும் செய்தி. சோதனை என்றால் ஆள் ஒரு தெரிவு செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் கேட்கட்டும்: "வீட்டில நிறுத்தனீங்களோ அக்கா? எவ்வளவு?" முப்பது என்று சொன்னால், விதை தந்தவரின் பெயர் சந்தை நடுவில் கெடும். சொல்லாவிட்டால், இத்தனை வருசக் களவுக்குத் தானே மூடியாவார். அக்கா சொல்கிறார்: "முப்பத்திமூண்டு எண்டுதான் நினைச்சன்."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யில் அவர் வியாபாரியை விட்டு விலகினார், இரண்டாவது பொய்யில் அவரைக் காப்பாற்றுகிறார். இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து ஒரே நாளில் வருகின்றன. கதை இந்த இடத்தில்தான் விரிய வேண்டும். முள் அசைந்து நிற்பது, அவர் மனதுக்குள் ஒவ்வொரு வருச மூட்டையாக எண்ணுவது, கடைக்காரர் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது என்று எழுதலாம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று மட்டும் விளக்க வேண்டாம்.

பரிசும் திரும்பும் வழியும். காசு பரிசல்ல. மூன்று கிலோவின் காசு பஸ்ஸுக்கும் மூட்டைக் கூலிக்கும் போய்விடும் என்று திட்டத்தில் எழுதி வையுங்கள். அக்கா இரும்புக் கடையில் ஒரு தொங்கு தராசு வாங்குகிறார், கொக்கியில் கொழுவித் தூக்கிப் பார்ப்பது. கையிலிருந்த காசில் பெரும்பகுதி அதற்குப் போகிறது. வெறும் சாக்குக்குள் அதைச் சுற்றி வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். போகும்போது பாரமான சாக்கு, வரும்போது பாரமில்லாத சாக்கு. பிரயாணத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

மறுபிறப்பு. மிச்சக் கச்சானை அடுத்த கிழமை பிடுங்கிக் காயவைக்கிறார்கள். வியாபாரி வருகிறார், தன் தராசில் நிறுத்து "முப்பது" என்கிறார். வேப்பங்கிளையில் புதுத் தராசு தொங்குகிறது. அக்கா சொல்வது ஒரே ஒரு வரி: "தம்பி, இதிலையும் ஒருக்காத் தூக்கிப் பாப்பம்." குரலில் கோபம் இல்லை. தம்பி என்ற சொல்லும் மாறவில்லை. சந்தையில் அவரைக் காப்பாற்றியவர், இங்கே யாரும் பார்க்காத முற்றத்தில் அவரை நிறுத்துகிறார். பழைய நன்றியும் புதிய அறிவும் ஒரே ஆளுக்குள் சேர்ந்து நிற்கிற இடம் இது.

அமுதத்தோடு மீளல். கேம்பலின் பாதையில் நாயகன் கொண்டுவருவது தனக்கு மட்டும் உரியதல்ல, ஊருக்குரியது. அன்றாடக் கதையில் அதை எப்படிக் காட்டுவது? பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வளவுப் பெண்ணின் குரல்: "அக்கா, அந்தத் தராசை ஒருக்காத் தாறீங்களோ?" கதை முடிந்தது.

சொற்கணக்கு

இப்போது 1,200 சொல்லைப் பிரிப்போம். அன்றாட உலகத்துக்கு 150. அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி மூன்றுக்கும் சேர்த்து 250. படலையில் சொல்லும் பொய்க்கு 150. பஸ்ஸுக்கும் கடையில் காத்திருப்பதற்கும் 150. தராசும் கேள்வியும் உள்ள இடத்துக்கு 300. தராசு வாங்குவது தொடக்கம் வேலிக் குரல் வரை 200. எழுதும்போது இந்தக் கணக்கு இருபது முப்பது சொல் முன்பின் ஆகும், பரவாயில்லை. ஆனால் முதற்பகுதி மட்டும் 400 சொல்லைத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள். பிள்ளைகள் ஊரை வர்ணிக்கத் தொடங்கினால் குளமும் வயலும் மயிலும் வந்து, அழைப்பு வருவதற்குள் தாள் முடிந்துவிடும்.

திட்டம் எழுதும் வரிசையும் முக்கியம். நான் மாணவர்களை முதலாம் படியில் தொடங்க விடுவதில்லை. முதலில் பெருஞ்சோதனைக் கேள்வியை எழுது, அடுத்தது எந்தப் பொருள் அல்லது எந்த வார்த்தை வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று எழுது, மூன்றாவதாக வாசலை எழுது. இந்த மூன்றும் கையில் இருந்தால் தொடக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். "வீட்டில நிறுத்தனீங்களோ?" என்ற கேள்வி முதலில் கிடைத்தபடியால்தான், வியாபாரி விதை தந்தவராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய வந்தது. அவர் யாரோ ஒரு களவு வியாபாரி என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

எங்கே பழுதாகும்

திட்டத்தை எழுதி முடித்தபின் மூன்று இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளியாள் வந்து தீர்த்து வைப்பது. வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரை இடும் அரச ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. ஆகவே ஒரு அதிகாரி வந்து வியாபாரியைப் பிடித்துக்கொண்டு போவதாகக் கதையை முடிக்க ஆசை வரும். நிஜ வாழ்க்கையில் அது நல்ல முடிவு. கதையில் அது அக்காவின் கையிலிருந்து தெரிவைப் பறித்துவிடும். சரிபார்க்க ஒரு வழி: கதையிலிருந்து நாயகரை எடுத்துவிட்டாலும் முடிவு அப்படியே நடக்குமா? நடக்குமென்றால் அது அவருடைய கதை அல்ல.

இரண்டாவது, சோதனைக்குப் பதிலாக விபத்தைப் போடுவது. பஸ் புரள்கிறது, பாம்பு கடிக்கிறது, மழையில் மூட்டை நனைகிறது. இவை துன்பங்கள்தான், ஆனால் ஆள் எதையும் தெரிவு செய்வதில்லை. ஷெல்லில் தொடங்கும் கதைகள் பலவற்றின் பலவீனமும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கதைகளில் சனத்துக்கு எல்லாம் நடக்கிறது, ஒருவரும் ஒன்றையும் தெரிவு செய்வதில்லை. அந்த நாட்களிலும் தெரிவுகள் இருந்தன: எந்தச் சாமானை எடுப்பது, எந்தப் பாதையால் போவது, யாருடைய கையை விடுவது. அன்றாடக் கதையில் தெரிவைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, பிறகு தாய் தகப்பனின் கதைக்குத் திரும்பிப் போனால் அதை வேறு மாதிரி எழுதும்.

மூன்றாவது, மீளலை வெறும் வீடு திரும்பலாக எழுதுவது. இந்த இடத்தில் வோக்லரை விடக் கேம்பல் நமக்கு உதவுகிறார். அவருடைய 17 படிகளில் மீட்சிப் பகுதிக்கு மட்டும் ஆறு படிகள் உண்டு. அவற்றில் முதலாவது, திரும்பி வர மறுத்தல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் படியை விளக்கத் தேவையில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, உம்மா வாப்பா சொல்லும் ஊர் திரும்பிப் போகும் இடமா, புதிதாகப் போகும் இடமா? போனவர்களும் விட்டுவந்த ஊருக்குப் போகவில்லை. கிணறு தூர்ந்து, எல்லைவேலி மாறிய வேறொரு ஊருக்குத்தான் போனார்கள். வன்னியின் தமிழ்ச் சனமும் 2009க்குப் பிறகு அப்படித்தான் மீண்டது. நமது இரண்டு சமூகங்களுக்கும் மீளல் என்பது வட்டம் மூடுகிற இடமாக இருந்ததில்லை. ஆகவே நமது எழுத்தாளர் அந்தப் படியில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வந்தவர் மாறியிருக்கிறாரா, வந்த இடம் மாறியிருக்கிறதா? அக்கா கதையில் மாறியவர் அக்கா. படலை அதே படலை. வேறு கதையில் ஆள் அப்படியே இருக்க, படலை இல்லாமல் போயிருக்கலாம். அதுவும் மீளல்தான்.

இந்த வாய்பாட்டின் எல்லை

இந்த முறை எல்லாக் கதைக்கும் பொருந்தாது. போகவே முடியாதவர்களின் கதைகள் இருக்கின்றன. ஒரே முற்றத்தில் நாற்பது வருசம் காத்திருக்கிற தாயின் கதைக்கு வாசல் தேடிப்போனால் பொய்தான் எழுதுவோம். கேம்பலின் பாதையில் பெண் பெரும்பாலும் நாயகன் சந்திக்கிற ஒருத்தியாகவே வருகிறாள் என்பதும் பழைய குறை. அவரிடம் படித்த மொரீன் மேர்டொக் 1990இல் பெண்ணின் பயணத்துக்கென்று தனி வரிசை ஒன்றை எழுதினார். நமது அக்கா கதையில் ஒரு பெண் நடுவில் நிற்பதால் அந்தக் குறை தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாளுக்குப் பதில் ஒரு பொய்யும், கோட்டைக்குப் பதில் ஒரு படலையும் வைத்தவுடன் வாய்பாடு தன் வீரத்தனத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது.

இன்னொன்று. எழுதி முடித்த கதையில் படிகள் வெளியே தெரியக்கூடாது. இதைச் சோதிக்கப் பிரதியை வேறொருவரிடம் கொடுத்து, "எந்த இடத்தில் அக்கா திரும்ப முடியாமல் போனா?" என்று கேளுங்கள். படலையில் சொன்ன பொய் என்று அவர் சொன்னால் திட்டம் வேலை செய்திருக்கிறது. பஸ் ஏறின இடம் என்று சொன்னால், பொய்யை நீங்கள் போதிய அளவு எழுதவில்லை. அந்த 150 சொல்லையும் திரும்ப எழுதுங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.